குறைதீர் அதிகாரி கைவிரித்த பிறகு ஆம்பட்ஸ்மேனிடம் எப்படிப் போவது?

வாசகர் கடிதம்

ஐயா, நாங்கள் திருப்பூரில் இருக்கிறோம். கணவர் பெயரில் 2019 நவம்பர் 10 முதல் ஒரு ஃபேமிலி ஃப்ளோட்டர் ஹெல்த் பாலிசி இருக்கிறது. முதலில் 3 லட்சம். 2022 நவம்பர் ரினியூவலில் 5 லட்சமாக உயர்த்தினோம். ஏஜென்ட் நீட்டிய தாளில் கணவர் கையெழுத்துப் போட்டார். ஒரு வருடம்கூட விட்டதில்லை. 2025 ஜனவரி 4-ஆம் தேதி அவருக்கு மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்தார்கள். கேஷ்லெஸ் கிடைக்காமல் நகையை அடகு வைத்து 4,12,000 ரூபாய் கட்டினோம். பிப்ரவரி 20 தேதியிட்ட கடிதத்தில் கிளெய்மை நிராகரித்துவிட்டார்கள். டிஸ்சார்ஜ் சம்மரியில் ‘10 ஆண்டுகளாகச் சர்க்கரை நோய்’ என்று இருக்கிறதாம், அதை 2019 படிவத்தில் மறைத்துவிட்டோமாம். உண்மையில் 2021 ஜூலையில்தான் அவருக்குச் சுகர் இருப்பதே தெரிந்தது. மார்ச் 15-ல் நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு மெயில் போட்டேன். ஏப்ரல் 2-ல் ‘நிராகரிப்பு சரியே’ என்று பதில் வந்தது. பீமா பரோசாவிலும் பதிவு செய்தேன், ‘தீர்க்கப்பட்டது’ என்று காட்டுகிறது. ஆகஸ்ட்டில் மறுபடி எழுதியதற்கு நவம்பரில் அதே பதில். ‘நவம்பரிலிருந்து ஒரு வருடம் இருக்கிறது, பொறுமையாகப் போகலாம்’ என்கிறார் ஏஜென்ட். ஆம்பட்ஸ்மேன் கம்பெனி ஆள்தான், நேராக கன்ஸ்யூமர் கோர்ட்டில் 10 லட்சம் நஷ்டஈடு கேட்டு வழக்குப் போடு என்கிறார் மைத்துனர். இப்போது ஜனவரி 2026. என்ன செய்ய?

பதில்

சகோதரிக்கு வணக்கம். முதலில் தேதியைப் பேசிவிடுவோம், ஏனென்றால் உங்கள் ஏஜென்ட் சொன்னதை நம்பிக் காத்திருந்தால் மற்ற எல்லாமே வீணாகிவிடும். 2017-ஆம் ஆண்டின் இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மேன் விதிகளின்படி, நிறுவனத்துக்கு எழுத்தில் முறையிட்டு அவர்கள் மறுத்தால், அந்த மறுப்பு உங்கள் கைக்கு வந்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் ஆம்பட்ஸ்மேனிடம், அதாவது காப்பீட்டுப் புகார்களை விசாரித்துத் தீர்ப்பளிக்கும் அதிகாரியிடம், போக வேண்டும். உங்கள் முறையீடு மார்ச் 15 மெயில். அதற்கான மறுப்பு ஏப்ரல் 2, 2025. ஆகவே உங்கள் கடைசி நாள் 2026 ஏப்ரல் தொடக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நவம்பரில் வந்தது பழைய பதிலின் நகல்தான். ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்ப எழுதி வாங்கும் பதில்கள் கெடுவைப் புதுப்பிப்பதில்லை. தாமதத்தைத் தகுந்த காரணம் இருந்தால் மன்னிக்க ஆம்பட்ஸ்மேனுக்கு அதிகாரம் உண்டு. ஆனால் ‘ஏஜென்ட் அப்படிச் சொன்னார்’ என்பது நம்பிப் போகக்கூடிய காரணம் இல்லை. இந்த மாதமே மனு போட்டுவிடுங்கள்.

உங்கள் கடிதத்தில் எனக்கு நிம்மதி தந்த ஒரு விஷயம், நீங்கள் மார்ச்சில் குறைதீர் அதிகாரிக்கே எழுதியிருக்கிறீர்கள். பலர் டோல் ஃப்ரீ எண்ணில் பேசிப் பேசி ஓய்ந்துவிடுவார்கள், அல்லது டி.பி.ஏ.வுக்கும் ஏஜென்டுக்கும் வாட்ஸ்அப் அனுப்பிக்கொண்டே இருப்பார்கள். இவை எதுவும் நிறுவனத்திடம் எழுத்தில் முறையிட்டதாக ஆகாது. டி.பி.ஏ. என்பது பில்களைச் சரிபார்க்கும் இடைநிலை அமைப்பு. கிளெய்மை ஏற்பதும் மறுப்பதும் இன்சூரன்ஸ் நிறுவனத்தின் முடிவு. அந்த எழுத்துப்பூர்வ முறையீடு இல்லாமல் ஆம்பட்ஸ்மேனிடம் போனால், ‘முதலில் நிறுவனத்திடம் எழுதிவிட்டு வாருங்கள்’ என்று மனு திரும்பி வரும். நிறுவனத்திடமிருந்து பதிலே வராதவர்களுக்கு வேறு கணக்கு. முறையீடு போய்ச் சேர்ந்து ஒரு மாதம் ஆகியும் பதில் இல்லையென்றால் ஆம்பட்ஸ்மேனிடம் போகலாம், ஓராண்டுக் கெடு அந்த ஒரு மாதம் முடிந்த பிறகு ஓடத் தொடங்கும். அதனால்தான் மெயில் அனுப்பியதற்கும், பதிவுத் தபால் சேர்ந்ததற்கும் ஆதாரம் வைத்திருக்கச் சொல்கிறோம்.

பீமா பரோசா பற்றி ஒரு தெளிவு. அது காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. நடத்தும் தளம். ஆனால் அங்கே யாரும் உங்கள் கிளெய்மைப் படித்து யார் பக்கம் நியாயம் என்று முடிவு செய்வதில்லை. புகார் அதே நிறுவனத்துக்கு அனுப்பப்படுகிறது, நிறுவனம் பதில் போட்டதும் ‘தீர்க்கப்பட்டது’ என்று காட்டுகிறது. ஆணையம் உங்கள் புகாரைத் தள்ளிவிட்டது என்று அதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். டோக்கன் எண்ணையும் நிறுவனம் அங்கே எழுதிய பதிலையும் அச்சிட்டு வையுங்கள், மனுவோடு சேர்க்கலாம்.

கோர்ட்டா, ஆம்பட்ஸ்மேனா?

உங்கள் மைத்துனரின் கோபம் புரிகிறது, ஆனால் அவர் சொல்லும் வரிசையில் போனால் ஒரு வாய்ப்பை இழப்பீர்கள். நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் பதிந்துவிட்டால் அதே விஷயத்தை ஆம்பட்ஸ்மேன் எடுக்க முடியாது. வழக்கு நிலுவையில் இருந்தாலும், முடிந்துவிட்டிருந்தாலும் விதி அதைத் தடுக்கிறது. மறுபக்கம், ஆம்பட்ஸ்மேனிடம் போய் முடிவு திருப்தி இல்லையென்றால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகத் தடை இல்லை. நுகர்வோர் வழக்குக்கு, வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகள் கெடு. உங்கள் நிராகரிப்புக் கடிதம் 2025 பிப்ரவரி 20 தேதியிட்டது என்பதால் 2027 பிப்ரவரி நடுப்பகுதிக்குள் அதை முடித்துவிட வேண்டும். வேண்டிய தாள்கள் எல்லாம் வந்து சேர்ந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் ஆம்பட்ஸ்மேன் முடிக்க வேண்டும் என்பது விதி. நடைமுறையில் கொஞ்சம் இழுத்தாலும் உங்களுக்கு நேரம் இருக்கிறது. ஆனால் ஆம்பட்ஸ்மேனிடம் மனு கிடப்பதால் அந்த இரண்டு ஆண்டுக் கெடு நின்றுவிடும் என்று எண்ணிவிடாதீர்கள். 2026 டிசம்பர் வந்தும் முடிவு வரவில்லையென்றால் அப்போதே ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள்.

ஆம்பட்ஸ்மேன் ‘கம்பெனி ஆள்’ என்பதில் ஒரு துளி உண்மை இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். அந்த அலுவலகங்களை நடத்தும் இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மேன் கவுன்சிலின் செலவை இன்சூரன்ஸ் நிறுவனங்கள்தான் ஏற்கின்றன. ஆனால் உங்கள் நிறுவனம் அவரை நியமிப்பதும் இல்லை, நீக்குவதும் இல்லை. அவர் தரும் தீர்ப்பு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும், உங்களைக் கட்டுப்படுத்தாது. கட்டணம் கிடையாது. வழக்கறிஞர் தேவையில்லை, உங்கள் கணவரே பேச வேண்டிய இடம் அது.

10 லட்சம் பற்றி. ஆம்பட்ஸ்மேன் அதிகபட்சம் 50 லட்சம் வரை தீர்ப்பளிக்கலாம், 2023 நவம்பரில் 30 லட்சத்திலிருந்து உயர்த்தப்பட்ட வரம்பு அது. ஆனால் உங்களுக்கு நேரடியாக ஏற்பட்ட இழப்புக்கு மேல் அவர் தர முடியாது. மன உளைச்சலுக்கு என்று கேட்டால் அந்தப் பகுதி நிற்காது. மன உளைச்சலுக்கான நஷ்டஈடு நுகர்வோர் ஆணையத்தின் வேலை. பிரீமியமாகக் கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் இருப்பதால் அங்கும் உங்களுக்குப் பதிவுக் கட்டணம் இருக்காது. ஆனால் நீங்கள் அடகு வைத்த நகை மீட்கப்பட வேண்டும். அதற்கு 4,12,000 ரூபாயும் வட்டியும் சீக்கிரம் கைக்கு வருவதே முக்கியம் என்பது என் கருத்து.

உங்கள் கிளெய்ம் எங்கே வலுவானது, எங்கே பலவீனமானது

மனு எழுதுவதற்கு முன் இதைப் புரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் நிறுவனத்தின் ஆள் விசாரணையில் இதைத்தான் பிடிப்பார். உங்கள் 4,12,000 ரூபாய் சட்டத்தின் கண்ணில் இரண்டு துண்டு. ஒன்று 2019-லிருந்து ஓடும் 3 லட்சம். இன்னொன்று 2022 நவம்பரில் கூட்டிய 2 லட்சத்திலிருந்து வரவேண்டிய 1,12,000.

முதல் துண்டை எடுத்துக்கொள்வோம். 2024-இல் வந்த ஐ.ஆர்.டி.ஏ.ஐ. விதிகளின்படி ஒரு ஹெல்த் பாலிசி இடைவெளியின்றி 60 மாதங்கள் ஓடிவிட்டால், அதன் பிறகு ‘தகவலை மறைத்தீர்கள்’ என்ற காரணத்தால் கிளெய்மை மறுக்க முடியாது. மோசடி என்று நிறுவனம் நிரூபித்தால் மட்டுமே விதிவிலக்கு. இதை மொராட்டோரியம் என்கிறார்கள். முன்பு இது எட்டு ஆண்டுகளாக இருந்தது. உங்கள் பாலிசிக்கு 2024 நவம்பர் 9-ஆம் தேதியோடு 60 மாதம் முடிந்தது, மாரடைப்பு வந்தது அதற்கு இரண்டு மாதம் கழித்து. 2024 நவம்பரில் ரினியூ செய்தபோது வந்த பாலிசி புத்தகத்தை எடுத்து ‘மொராட்டோரியம்’ பிரிவைப் பாருங்கள், அந்தப் பக்கத்தை நகலெடுத்து வையுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரியில் உள்ள ஒரு வரி மட்டும் மோசடிக்கு நிரூபணம் ஆகாது. மறைத்தார் என்று நிறுவனம் சொல்வது உண்மையாகவே இருந்தாலும் இந்த 3 லட்சத்துக்கு அது எடுபடக்கூடாது.

இரண்டாவது துண்டில் நான் உங்களுக்கு நம்பிக்கையை மட்டும் தர முடியாது. தொகையைக் கூட்டினால், கூட்டிய பகுதிக்கு மொராட்டோரியமும், முன்பே இருந்த நோய்க்குக் கிளெய்ம் கிடைக்காத காத்திருப்புக் காலமும் அந்த நாளிலிருந்துதான் எண்ணப்படும். 2022 நவம்பருக்கு முன்பே, 2021-ல், சுகர் தெரிந்துவிட்டது. கூட்டிய தொகையைப் பொறுத்தவரை அது பாலிசிக்கு முன்பே இருந்த நோய். அதிகபட்சக் காத்திருப்புக் காலத்தை 36 மாதம் என்று வைத்துக்கொண்டாலும், 2025 ஜனவரி 4-ல் 26 மாதம்கூட முடிந்திருக்கவில்லை. மாரடைப்பு சர்க்கரை நோயின் நேரடி விளைவு என்று நிறுவனம் வாதிட வாய்ப்பு உண்டு. இதைவிட முக்கியமான கேள்வி, 2022-ல் உங்கள் கணவர் கையெழுத்திட்ட அந்தத் தாளில் என்ன இருந்தது? தொகை கூட்டும்போது ‘நோய் எதுவும் இல்லை’ என்ற உறுதிமொழி வாங்குவது வழக்கம். அதில் சுகர் இல்லை என்று ஏஜென்ட் டிக் அடித்திருந்தால், அடித்தது யார் கையென்றாலும் கையெழுத்து உங்கள் கணவருடையது.

ஆனாலும் அந்த 1,12,000-ஐ விட்டுவிடச் சொல்லவில்லை. நிராகரிப்புக் கடிதத்தைத் திரும்பப் படியுங்கள். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால், அது 2019 படிவத்தில் மறைத்ததாக மட்டுமே சொல்கிறது. 2022 கூட்டல் பற்றியோ காத்திருப்புக் காலம் பற்றியோ ஒரு சொல் இல்லை. நிராகரிப்புக் கடிதத்தில் சொல்லாத காரணத்தை நிறுவனம் பிற்பாடு புதிதாகக் கொண்டுவர முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2019-இல் சௌராஷ்டிரா கெமிக்கல்ஸ் வழக்கில் சொல்லியிருக்கிறது. 2019-ல் அவருக்குச் சுகர் இல்லை என்று நீங்கள் காட்டிவிட்டால், கடிதத்தில் உள்ள ஒரே காரணமும் விழுந்துவிடும். அப்போது முழுத் தொகையையும் கேட்க உங்களுக்கு வழி இருக்கிறது. அந்த வழி 3 லட்சம் அளவுக்கு உறுதியானது இல்லை என்பதை மட்டும் மனதில் வையுங்கள்.

சேர்க்க வேண்டிய தாள்கள்

மருத்துவமனையின் உள்நோயாளி கேஸ் ஷீட் முழுவதும் வேண்டும். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைத் தர வேண்டும் என்பது மருத்துவக் கவுன்சிலின் 2002 விதி, எழுத்தில் கேளுங்கள். ‘10 ஆண்டு’ என்ற வரி எங்கே முதலில் எழுதப்பட்டது, யார் சொன்னதாக எழுதப்பட்டது என்பது அதில் தெரியும். நெஞ்சுவலியோடு நடு இரவில் வந்தவரிடம், அல்லது பதறி நின்ற உறவினரிடம், டூட்டி டாக்டர் கேட்டு எழுதியது அப்படியே டிஸ்சார்ஜ் சம்மரிக்கும் போயிருக்கும். இப்படி நுழையும் ஒரு வரியால் நிராகரிக்கப்படும் கிளெய்ம்கள் ஏராளம்.

சிகிச்சை தந்த டாக்டரிடம் திருத்தச் சான்று கேளுங்கள். ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள். நிராகரிப்புக்குப் பிறகு வாங்கிய சான்றை ‘பின்யோசனை’ என்று நிறுவனம் ஒதுக்கிவிடும். அதைத் தாங்கிப் பிடிப்பது பழைய காகிதங்கள்தான். 2021 ஜூலையில் சுகர் முதலில் தெரிந்தபோது எடுத்த ரத்தப் பரிசோதனை, மாத்திரை தொடங்கிய முதல் மருந்துச் சீட்டு, அதற்கு முன் எப்போதாவது எடுத்த பரிசோதனையில் சர்க்கரை சரியாக இருந்ததென்றால் அந்தத் தாள். வேலை பார்த்த கம்பெனியிலோ ரத்த தான முகாமிலோ எடுத்ததாக இருந்தாலும் தேடிப் பாருங்கள். 2019-க்கு முந்தைய ஒரு சாதாரண ரிப்போர்ட் கிடைத்தால் உங்கள் வழக்கின் எடையே மாறிவிடும்.

மூன்றாவதாக, 2019 புரபோசல் படிவத்தின் நகலையும் 2022-ல் கையெழுத்திட்ட தாளின் நகலையும் நிறுவனத்திடம் உடனே மெயிலில் கேளுங்கள். வராவிட்டாலும் பரவாயில்லை. கேட்டதற்கான மெயிலை மனுவோடு இணைத்து, ‘எந்தக் கேள்விக்கு என்ன தவறான பதில் என்று நிறுவனம் படிவத்தைக் காட்டட்டும்’ என்று எழுதலாம். இவற்றோடு பாலிசி நகல்கள் 2019 முதல் வரிசையாக, நிராகரிப்புக் கடிதம், மார்ச் 15 மெயில், ஏப்ரல் 2 பதில், பில்கள், பணம் கட்டிய ரசீதுகள், டிஸ்சார்ஜ் சம்மரி. நகல்கள் போதும், அசலைக் கொடுக்க வேண்டாம்.

மனுவை எழுதும் விதம்

மனுதாரர் உங்கள் கணவர். பாலிசி அவர் பெயரில் இருக்கிறது, அவர் நலமாக இருக்கிறார், ஆகவே கையெழுத்து அவருடையதாக இருக்க வேண்டும். பாலிசிதாரர் உயிரோடு இருக்கையில் மனைவியோ மகனோ தங்கள் பெயரில் போடும் மனு அலுவலகத்திலேயே நின்றுவிடும். எழுதுவது நீங்களாக இருக்கலாம், தவறில்லை.

மனு இரண்டு பக்கத்துக்கு மேல் போக வேண்டாம். கணவரின் பெயர், முகவரி, தொலைபேசி, பாலிசி எண், கிளெய்ம் எண், எந்தக் கிளை அல்லது அலுவலகத்தின் மீது புகார், என்ன நடந்தது, எவ்வளவு இழப்பு, என்ன வேண்டும். நடந்ததைத் தேதி வரிசையில் எழுதுங்கள். வாதத்தை இப்படி அமைத்தால் நல்லது: முதலில், 2019-ல் நோயே இல்லை, ஆகவே மறைத்தது எதுவும் இல்லை, முழுத் தொகையும் தரப்பட வேண்டும். அதை ஏற்காவிட்டாலும், 60 மாத மொராட்டோரியம் முடிந்துவிட்டதால் 3 லட்சத்தை மறுக்க வழியில்லை. இந்த வரிசை முக்கியம். மொராட்டோரியத்தை முதலில் வைத்தால், மறைத்ததை ஒப்புக்கொண்டு சட்டத்தின் பின்னால் ஒளிவதுபோல் தோன்றும், கூடுதல் தொகைக்கான வாதமும் அடிபடும். ‘10 ஆண்டு’ என்ற வரிக்கு உங்கள் விளக்கத்தையும் நீங்களே எழுதிவிடுங்கள். அதை எதிர்த்தரப்பு முதலில் வாசிக்க விடாதீர்கள்.

இன்னொரு பாரா சேர்க்கலாம். 2024 ஹெல்த் இன்சூரன்ஸ் சுற்றறிக்கையின்படி, நிறுவனத்தின் கிளெய்ம் மறுஆய்வுக் குழு ஒப்புதல் தராமல் எந்தக் கிளெய்மையும் நிராகரிக்கக் கூடாது. பாலிசியின் எந்த நிபந்தனையின்படி நிராகரிக்கிறோம் என்பதையும் கடிதத்தில் குறிப்பிட வேண்டும். உங்கள் கடிதத்தில் பிரிவு எண் இல்லையென்றால், குழு ஒப்புதல் பற்றிய பேச்சே இல்லையென்றால், அதைச் சுட்டிக்காட்டுங்கள். இதனால் மட்டும் வெற்றி வந்துவிடாது, ஆனால் அவசரமாக நிராகரித்தார்கள் என்பது பதிவாகும்.

கேட்கும் தொகை: 4,12,000 ரூபாய், மாற்றாகக் குறைந்தது 3,00,000, இரண்டுக்கும் கிளெய்ம் தீர்த்திருக்க வேண்டிய நாளிலிருந்து வங்கி விகிதத்துக்கு மேல் 2 சதவீத வட்டி. கையுறை, நிர்வாகக் கட்டணம் போன்று பாலிசியில் தராத சில இனங்களை பில்லிலிருந்து கழிப்பார்கள். அதற்காக மனம் தளர வேண்டாம்.

திருப்பூர் சென்னை ஆம்பட்ஸ்மேனின் எல்லைக்குள் வருகிறது. நிறுவனத்தின் அலுவலகம் வேறு ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் இடத்தை வைத்து இங்கேயே போடலாம். இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மேன் கவுன்சிலின் தளமான cioins.co.in வழியாக ஆன்லைனில் பதிவு செய்யலாம். இல்லாவிட்டால் ஃபாத்திமா அக்தர் கோர்ட், 4-ஆம் தளம், 453, அண்ணா சாலை, தேனாம்பேட்டை, சென்னை 600018 என்ற முகவரிக்குப் பதிவுத் தபாலில் அனுப்பலாம். ஆன்லைன் நல்லது, பதிவு எண் உடனே கிடைக்கும், நிலையை அங்கேயே பார்க்கலாம். எந்த வழியில் அனுப்பினாலும் ‘இதே விஷயத்தில் எந்த நீதிமன்றத்திலும் நுகர்வோர் ஆணையத்திலும் வழக்கு இல்லை’ என்று மனுவில் ஒரு வரி எழுதுங்கள். மைத்துனர் ஏற்கெனவே வக்கீல் நோட்டீஸ் அனுப்பியிருந்தாலும் சிக்கல் இல்லை, நோட்டீஸ் வழக்கு ஆகாது.

பதிந்த பிறகு

அலுவலகத்திலிருந்து ஒரு சம்மதப் படிவம் வரும். ஆம்பட்ஸ்மேன் சமரசம் செய்யவும் தீர்ப்பளிக்கவும் சம்மதம் என்று அதில் கணவர் கையெழுத்திட்டுத் திருப்பி அனுப்ப வேண்டும். இதை அலட்சியமாக வைத்துவிட்டால் மனு அப்படியே நிற்கும், மூன்று மாதக் கணக்கும் ஓடாது. மெயிலின் ஸ்பேம் பெட்டியையும் பார்த்துக்கொண்டிருங்கள்.

அதே நேரத்தில் நிறுவனம் தன் தரப்பை ஒரு குறிப்பாக எழுதித் தாக்கல் செய்யும். அதன் நகல் உங்களுக்கு வர வேண்டும், விசாரணைக்கு முன் வரவில்லையென்றால் கேட்டு வாங்குங்கள். அதை நிராகரிப்புக் கடிதத்துக்குப் பக்கத்தில் வைத்து வரிக்கு வரி ஒப்பிடுங்கள். 2022 கூட்டல், காத்திருப்புக் காலம் என்று புதிதாக ஏதாவது முளைத்திருக்கும். முளைத்திருந்தால், ‘இந்தக் காரணம் பிப்ரவரி 20 கடிதத்திலும் இல்லை, ஏப்ரல் 2 பதிலிலும் இல்லை’ என்று ஒரு பக்கத்தில் பதில் எழுதி விசாரணைக்கு முன்பே அனுப்பிவிடுங்கள்.

விசாரணை காணொலியில் நடக்கலாம். நேரில் என்றால் சென்னை போக வேண்டியிருக்கும். நீண்ட நேரம் கிடைக்காது. கணவர் பேச வேண்டியது மூன்றே விஷயம்: சுகர் எப்போது தெரிந்தது, அதற்கு என்ன தாள் இருக்கிறது, பாலிசி எத்தனை மாதம் தொடர்ந்து ஓடியிருக்கிறது. 2022 தாளைப் பற்றிக் கேட்டால் உண்மையை அப்படியே சொல்லட்டும். யார் நிரப்பியது, வாசித்துக் காட்டினார்களா, சுகர் இருப்பது ஏஜென்டுக்குத் தெரியுமா? அங்கே ஒரு பொய் சொன்னால் 3 லட்சத்துக்கான நம்பகத்தன்மையும் சேர்ந்து போய்விடும்.

நிறுவனம் சமரசத்துக்கு வந்து 3 லட்சம் தருகிறோம் என்று சொல்ல வாய்ப்பு இருக்கிறது. ஆம்பட்ஸ்மேன் அதைப் பரிந்துரையாகத் தருவார், ஏற்பதாக 15 நாளுக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். ஆனால் அது முழுமையான, இறுதியான தீர்வு என்று கையெழுத்திடுகிறீர்கள். அதற்குப் பிறகு மீதி 1,12,000-க்காக நுகர்வோர் ஆணையத்துக்குப் போக முடியாது. என்னைக் கேட்டால், 2022 உறுதிமொழியில் ‘நோய் இல்லை’ என்று இருந்து, 3 லட்சமும் அதற்கான வட்டியும் தருவதாகச் சொன்னால், வாங்கிக்கொண்டு நகையை மீட்பது நல்லது. வட்டி இல்லாமல் 3 லட்சம் என்றால் ஒருமுறை மறுத்துக் கேட்டுப் பாருங்கள். அந்தத் தாளில் நோய் பற்றிய கேள்வியே இல்லை, அல்லது சுகரைச் சரியாக எழுதியிருக்கிறது என்றால், சமரசம் வேண்டாம், தீர்ப்பே தரட்டும் என்று நில்லுங்கள்.

உங்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தால் அது கிடைத்த 30 நாளுக்குள் நிறுவனம் பணம் தர வேண்டும். தாமதித்தால், ஹெல்த் பாலிசிகளில் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் வீதம் உங்களுக்கே அபராதம் தர வேண்டும் என்று ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் 2024 சுற்றறிக்கை சொல்கிறது. 31-ஆம் நாள் ஆம்பட்ஸ்மேன் அலுவலகத்துக்கும் நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கும், தீர்ப்பு எண், தேதி, வங்கிக் கணக்கு விவரத்தோடு ஒரு மெயில் போடுங்கள், அபராதத்தையும் அதிலேயே கேளுங்கள். தீர்ப்பு எதிராக வந்தாலோ 1,12,000 மறுக்கப்பட்டாலோ, தீர்ப்பின் நகலையும் இப்போது சேர்க்கும் அதே தாள்களையும் எடுத்துக்கொண்டு திருப்பூரில் ஒரு நுகர்வோர் வழக்கறிஞரைப் பாருங்கள். அந்த வழக்கில் மன உளைச்சலுக்கான தொகையையும் சேர்த்துக் கேட்கலாம்.

இந்த வாரத்தில் செய்ய வேண்டியது இரண்டு வேலை. 2019, 2022 படிவங்களின் நகல் கேட்டு நிறுவனத்துக்கு மெயில், கேஸ் ஷீட் கேட்டு மருத்துவமனைக்குக் கடிதம். பத்து நாளில் எது வந்தாலும் வராவிட்டாலும், கையில் இருப்பதை வைத்து மனுவைப் பதிந்துவிடுங்கள். பின்னால் கிடைப்பதைப் பதிவு எண்ணைக் குறிப்பிட்டுக் கூடுதலாக அனுப்பலாம்.